பவுண்டு விலையிலிருந்து கிலோ விலை

"அமெரிக்காவில் செர்ரி ஒரு பவுண்டு 3.99 டாலர். 0.4536 ஆல் பெருக்கி, டாலருக்கு 85 ரூபாய் போட்டால் கிலோ 154 ரூபாய்தான் வருகிறது. சரியா?"

இல்லை, பெருக்கிய இடத்தில் வகுத்திருக்க வேண்டும். 0.4536 என்பது ஒரு பவுண்டில் உள்ள கிலோ. ஒரு கிலோவில் இரண்டு பவுண்டுக்கு மேல் இருப்பதால் கிலோ விலை பவுண்டு விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல்தான் வரும், உங்களுக்கு 1.81 டாலராகக் குறைந்தபோதே கணக்கு தலைகீழாகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

3.99ஐ 0.4536 ஆல் வகுத்தால் 8.80 டாலர், 85 ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 748 ரூபாய். நான் மனக்கணக்காகவே போடுவேன்: விலையை இரட்டிப்பாக்கி, வந்ததில் பத்தில் ஒரு பங்கைச் சேர்த்தால் போதும். 4 டாலர் என்றால் 8, அதோடு 0.80, அவ்வளவுதான்.

அப்புறம், விலைச்சீட்டில் பவுண்டு விலை என்பதைக் காட்டும் `/lb` இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். `ea` என்றிருந்தால் அது ஒரு பழத்தின் விலை. பெட்டியில் வரும் பழத்துக்குப் பெட்டி விலைதான் போட்டிருக்கும், அதை முதலில் மேலே அச்சிட்ட எடையால் வகுத்துக்கொள்ளுங்கள். எடை அவுன்சில் இருந்தால் 16 அவுன்சு ஒரு பவுண்டு.