கணக்கு வரும், தேர்வு வருமா?

கேள்வி: பள்ளி இறுதி வகுப்பில் படிக்கிறேன். கணக்கில் எப்போதும் நான்தான் முதலிடம். காப்பீட்டு நிறுவனங்களுக்கு அபாயத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் ஆக்சுவரி ஆகலாம் என்கிறார் மாமா. ஆனால் அதற்குப் பத்துக்கும் மேல் தேர்வுகள் எழுத வேண்டுமாம், பாதிப் பேர் தோற்றுப் போவார்களாம். பேசாமல் புள்ளியியல் பட்டம் படித்துவிட்டு வேலைக்குப் போய்விடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்: முதலில் ஒரு கணக்கு. ஒரு காப்பீட்டில் ஒவ்வொரு இழப்பும் சராசரியாக 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இழப்புகள் எக்ஸ்பொனென்ஷியல் பரவலில் வருகின்றன, அதாவது சிறியவை அதிகம், பெரியவை அரிது. ஒவ்வொன்றிலும் முதல் 500 காப்பீடு எடுத்தவர் பொறுப்பு, மிச்சம்தான் நிறுவனத்தின் பொறுப்பு. ஓர் இழப்புக்கு நிறுவனம் சராசரியாக எவ்வளவு கொடுக்கும்?

1,000-இல் 500 போனால் 500 என்று கை தானாக எழுதிவிடும். அது தப்பு. இழப்பு 200 மட்டும் என்றால் நிறுவனம் ஒன்றும் கொடுக்காது, அவ்வளவுதான். வாடிக்கையாளரிடமிருந்து 300 திரும்ப வாங்கப் போவதில்லை. ஆனால் நேராகக் கழித்தால் அப்படி வாங்கியதாகக் கணக்காகிவிடுகிறது. சரியான வழி இது: இழப்பு 500-ஐத் தாண்டும் நிகழ்தகவு e^(−0.5), ஏறக்குறைய 0.607. இந்தப் பரவலுக்கு நினைவு கிடையாது. 500-ஐத் தாண்டிய பிறகும் மேற்கொண்டு வரும் சராசரி இழப்பு அதே 1,000தான். ஆகவே 0.607 × 1,000, அதாவது 607. 500 என்று நம்பி விலை வைத்த நிறுவனம் ஒவ்வோர் இழப்பிலும் சுமார் 107-ஐக் கையிலிருந்து கொடுக்கும்.

அமெரிக்காவின் சொசைட்டி ஆஃப் ஆக்சுவரீஸ் நடத்தும் முதல் தேர்வுகளில் ஒன்றான நிகழ்தகவுத் தேர்வு (அவர்கள் Exam P என்பார்கள்) இந்த வகைதான். மூன்று மணி நேரத்தில் 30 கேள்விகள். ஒரு கேள்விக்கு ஆறு நிமிடம். பள்ளியில் முதலிடம் வாங்குபவர்களை இங்கே கவிழ்ப்பது கணக்கின் கடினம் அல்ல. நேர்த்தியான வழியைத் தேடி ஒரே கேள்வியில் இருபது நிமிடம் உட்கார்ந்துவிடுவார்கள். தேர்வு ஒரு மணி நேரம் என்றால் நூறு மணி நேரம் படி என்பது இந்தத் துறையில் புழங்கும் வாய்க்கணக்கு. அப்படிப் பார்த்தால் இந்த ஒன்றுக்கே முந்நூறு மணி நேரம். பாதிப் பேர் தோற்பது பல தேர்வுகளில் உண்மைதான். முழுத் தகுதிக்கு ஏழெட்டு ஆண்டுகள் ஆவதும் சாதாரணம். ஆனால் அத்தனை காலமும் மாணவியாகவே இருக்க வேண்டியதில்லை. தொடக்கத் தேர்வுகளில் ஒன்றிரண்டு முடித்தவர்களைப் பல நிறுவனங்கள் வேலைக்கு எடுத்து, தேர்வுக் கட்டணமும் படிப்பு விடுப்பும் கொடுக்கின்றன.

உங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் எதிர்பார்க்காத முட்டுக்கட்டை பின்னால்தான் வரும். பிரிட்டன், இந்தியா ஆகிய நாடுகளின் ஆக்சுவரி கழகங்களில் மேல்நிலைத் தாள்கள் எழுத்து விடையாக இருக்கும். ஒரு நிறுவனத்தின் நிலைமையைச் சொல்லி, அதிலுள்ள அபாயங்களை எழுது, என்ன செய்யலாம் என்று எழுது என்பார்கள். கணிதம் தெரியாதவருக்குப் புரியும்படி விளக்கத் தெரிகிறதா என்று பார்க்கவே தனித் தாள் ஒன்று உண்டு. முதல் தாள்களை வரிசையாக ஊதித் தள்ளியவர்கள் இங்கே இரண்டு மூன்று முறை தடுக்கி விழுவது வழக்கம். மேலே உள்ள 607 ஏன் 500 இல்லை என்பதைச் சூத்திரம் இல்லாமல் மாமாவுக்குச் சொல்லிப் பாருங்கள். எரிச்சல் வந்தால் அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

புள்ளியியல் பக்கம் இந்த மாதிரிப் படிக்கட்டு கிடையாது. பெரும்பாலான வேலைகளுக்கு உரிமத் தேர்வு தேவையில்லை. மருந்துச் சோதனை, கணக்கெடுப்பு, கடன் அபாயம் என்று பல இடங்களுக்குப் போகலாம். ஆனால் நல்ல வேலைகளுக்கு முதுகலைப் பட்டம் எதிர்பார்ப்பார்கள், நிரல் எழுதவும் தெரிய வேண்டும். தேர்வு ஒழிந்தது என்ற நிம்மதிக்காக மட்டும் இதைத் தேர்ந்தெடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் புள்ளியியல் பட்டத்தில்தான் சேருவேன், ஆக்சுவரி என்ற பெயருள்ள பட்டத்தில் அல்ல. முதல் தாள்களுக்கு வேண்டிய நிகழ்தகவும் மதிப்பீடும் அதில் அப்படியே வருகின்றன, பாதியில் மனம் மாறினாலும் நஷ்டம் இல்லை. சில பல்கலைக்கழகப் பாடங்களுக்குத் தேர்வு விலக்கும் கிடைக்கும். எந்தப் பாடத்துக்கு என்று சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நிகழ்தகவுப் பாடம் முடிந்த பருவத்திலேயே முதல் தேர்வை எழுதிவிடுங்கள். அதற்கான மாதிரிக் கேள்விகள் சொசைட்டியின் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. கடிகாரம் வைத்து முப்பது போடுங்கள். எத்தனை சரி என்பதைவிட, தவறியவற்றில் எத்தனை தெரியாமல் போனவை, எத்தனை நேரம் போதாமல் விட்டவை என்று பிரித்துப் பாருங்கள். இரண்டாவது வகை பயிற்சியில் சரியாகிவிடும். முதல் வகை அதிகமாக இருந்தால் இன்னொரு பருவம் பொறுத்து எழுதுங்கள், அவசரமே இல்லை.