40% தள்ளுபடி, அதன்மேல் 10% கூப்பன்: சட்டையின் விலை எவ்வளவு?

கேள்வி: 1,499 ரூபாய் சட்டைக்கு 40% தள்ளுபடி போட்டிருந்தார்கள். என்னிடம் 10% கூப்பனும் இருந்தது. மொத்தம் 50% என்றால் 750 ரூபாய்தானே வர வேண்டும்? பில்லில் 809 ரூபாய் போட்டிருக்கிறார்கள். கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?

பதில்:

இல்லை, பில் சரியாகத்தான் இருக்கிறது. ஜவுளிக்கடை பில்லிங்கில் சில காலம் உட்கார்ந்திருந்தவன் என்பதால் சொல்கிறேன், பண்டிகைக் காலத்தில் கவுன்ட்டரில் அதிகம் நடக்கும் சண்டை இதுதான்.

முதலில் 1,499 ரூபாயில் 40% கழிகிறது. மீதி 899.40. கூப்பனின் 10% இந்த மீதியில்தான் கணக்காகும், சட்டையில் அச்சிட்ட விலையில் அல்ல. 899.40இல் 10% என்பது 89.94. அதைக் கழித்தால் 809.46, பைசாவை விட்டால் 809. நீங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வந்த ஏறக்குறைய 60 ரூபாய், அச்சிட்ட விலையில் 4%. ஏற்கெனவே தள்ளுபடியில் போய்விட்ட 40 பங்குக்கு மறுபடியும் 10% கிடைக்காது, அந்த 40இல் 10%தான் இந்த 4. ஆகவே உங்களுக்குக் கிடைத்த உண்மையான தள்ளுபடி 46%. கடையில் நின்றபடியே மனக்கணக்காகப் போட வேண்டுமென்றால், இரண்டு சதவீதங்களையும் கூட்டி, அவற்றின் பெருக்கலை நூறால் வகுத்துக் கழித்துவிடுங்கள்: 40 + 10 − 4.

இரண்டும் சதவீதமாக இருக்கும்வரை எதை முதலில் கழித்தாலும் விடை ஒன்றுதான். கூப்பன் 'ரூ.200 குறைவு' என்று தொகையாக இருந்தால் மட்டும் வரிசை முக்கியமாகிவிடும். தள்ளுபடியை முதலில் போட்டு 200ஐக் கழித்தால் 699.40. கூப்பனை முதலில் கழித்து மீதிக்கு 40% போட்டால் 779.40. இடையில் 80 ரூபாய் வித்தியாசம், அதாவது கூப்பன் தொகையில் 40%. தள்ளுபடி முதலில், கூப்பன் பிறகு என்பதே பொதுவான வழக்கம், வாங்குபவருக்கும் அதுதான் லாபம். உங்கள் கூப்பன் தொகைக் கூப்பனாக இருந்து, பில்லில் வரிசை மாறியிருந்தால் தாராளமாகக் கேள்வி கேட்கலாம்.

உண்மையில் ஆட்கள் ஏமாறுவது கூப்பனின் பொடி எழுத்தில்தான். 'அதிகபட்சம் ரூ.75' என்று அதில் எழுதியிருந்தால் உங்களுக்கு 89.94 குறையாது, 75தான் குறையும், சட்டை 824.40க்கு வரும். இன்னொன்று, 'ரூ.999க்கு மேல் வாங்கினால்' என்ற நிபந்தனை. சட்டை 1,499 ஆயிற்றே என்று நினைப்போம். ஆனால் தள்ளுபடிக்குப் பிந்தைய தொகையைப் பார்க்கும் கடைகளில் 899.40க்கு அந்தக் கூப்பன் செல்லாது. எந்தத் தொகையைப் பார்க்கிறார்கள் என்பதைக் கவுன்ட்டருக்குப் போகும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. ஒரு கைக்குட்டையைச் சேர்த்தாலும் வரம்பைத் தொடாது என்றால் கூப்பனை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்காக இன்னொரு சட்டை எடுப்பது கடைக்காரர் விரும்பும் கணக்கு.

10% கூப்பன், 100 ரூபாய் கூப்பன் இரண்டும் கையில் இருந்து ஒன்றைத்தான் பயன்படுத்தலாம் என்றால், தள்ளுபடிக்குப் பிந்தைய தொகை 1,000 ரூபாயைத் தாண்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். இந்த ஒரு சட்டைக்கு 100 ரூபாய் கூப்பனே மேல். இதே சட்டையை இரண்டாக எடுத்தால் 1,798.80 ஆகிறது, அப்போது 10% கூப்பன் 179.88 ரூபாயைக் குறைக்கும்.

கடைசியாக வரி. அச்சிட்ட சில்லறை விலை என்பது எல்லா வரிகளும் உள்ளிட்டது. உங்கள் 809.46க்குள்ளேயே 5% ஜிஎஸ்டி, ஏறக்குறைய 38.55 ரூபாய், அடங்கியிருக்கிறது. பில்லில் அது தனி வரியாகத் தெரிவதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆனால் தள்ளுபடி விலையைப் போட்டுவிட்டு அதன்மேல் மறுபடியும் 5% கூட்டினால் 849.93 வரும், அதுதான் தட்டிக்கேட்க வேண்டிய இடம். ஜிஎஸ்டி வருவதற்கு முன்பு, 2017இலேயே, அச்சிட்ட விலையில் தள்ளுபடி கொடுத்த பொருளுக்குத் தனியாக வாட் வசூலித்தது நேர்மையற்ற வணிக முறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் பில் 809இல் நின்றிருப்பதால் அந்தத் தகராறுக்கும் இங்கே வேலையில்லை.