34 பேர் பதிவு செய்திருந்தால் எத்தனை கிட் வாங்குவது?

எங்கள் ஊர் மகளிர் குழு சார்பில் இரண்டு நாள் தஞ்சாவூர் ஓவியப் பயிற்சி நடத்துகிறோம். இன்னும் 20 நாள் இருக்கிறது. கூகுள் ஃபார்மில் 34 பதிவு வந்திருக்கிறது, அதில் 23 பேர்தான் பணம் கட்டியிருக்கிறார்கள். ஹாலில் 40 பேர் உட்காரலாம். பலகை செய்து தருபவர் 12 நாள் கேட்கிறார். போன வருடம் 45 கிட் வாங்கி 14 மிஞ்சிப்போனது. அதற்கு முந்தின வருடம் கிட் தீர்ந்து, கடைசி நேரத்தில் வந்த நான்கு பேரைத் திருப்பி அனுப்பினோம். பதிவு எண்ணிக்கையோடு 10 சதவீதம் கூட்டி வாங்கினால் சரியாக இருக்குமா?
– ஒரு வாசகி, திருச்சி

10 சதவீதம் உங்களுக்குப் போதாது. கடைசி நேரத்தில் எத்தனை பேர் வருவார்கள் என்பதற்கும் ஏற்கெனவே எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்பதற்கும் பெரிய தொடர்பு கிடையாது. சம்பளத் தேதி, பிள்ளைகளின் பரீட்சை, பக்கத்து வீட்டுக்காரர் சேர்ந்துவிட்டாரா என்பதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் வருகிறார்கள். அது எத்தனை பேர் என்பது உங்கள் பழைய பதிவுத் தாளிலேயே இருக்கிறது. அதை எடுக்கும் முன்னால் இப்போதைய எண்ணிக்கையைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

ஃபார்மில் 34 வரி இருந்தால் 34 பேர் என்று அர்த்தமில்லை. ஒருவரே மறந்துபோய் இரண்டு முறை நிரப்பியிருப்பார். இன்னொருவர் தனக்கும் மகளுக்கும் சேர்த்து ஒரே வரியில் போட்டிருப்பார். கைபேசி எண்ணை வைத்து இரட்டிப்பை நீக்குங்கள். 'எத்தனை பேர்' என்று ஒரு பத்தியும் 'பணம்' என்று ஒரு பத்தியும் சேர்த்து, கட்டியவர்களை மட்டும் கூட்டுங்கள். C பத்தியில் ஆட்கள், D பத்தியில் பண விவரம் என்றால் இப்படி எழுதலாம்:

```
=SUMIF(D2:D60,"கட்டியாச்சு",C2:C60)
```

இதில் வரும் எண்தான் நீங்கள் கிட் கொடுக்கக் கடமைப்பட்டவர்களின் எண்ணிக்கை. பணம் கட்டிவிட்டு அன்றைக்கு வராமல் போகிறவரும் இதில் அடக்கம். கட்டணத்தில் கிட்டும் சேர்ந்திருக்கிறது, மறுநாள் ஆள் அனுப்பி வாங்கிக்கொள்வார். அதனால் 'சிலர் வரமாட்டார்கள்' என்று இந்த எண்ணைக் குறைக்காதீர்கள்.

பலகைக்கு 12 நாள் என்றால், வந்ததைப் பிரித்துப் பார்க்க மூன்று நாளாவது வேண்டும். ஆக, பயிற்சிக்கு 15 நாள் முன்பு ஆர்டர் போயாக வேண்டும். நடுவில் ஐந்து நாள் இருக்கிறது. பணம் கட்டாத ஒவ்வொருவரிடமும் போனில் பேசி, 'இந்தத் தேதிக்குள் கட்டினால் கிட் உறுதி, அப்புறம் என்றால் இருந்தால் தருகிறோம்' என்று சொல்லிவிடுங்கள். ஆறு பேர் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உறுதியானது 29.

இப்போது பழைய தாளுக்கு வாருங்கள். போன வருடம் 45 வாங்கி 14 மிஞ்சியதென்றால் தேவைப்பட்டது 31. பயிற்சிக்கு 15 நாள் முன்பு எத்தனை பேர் பணம் கட்டியிருந்தார்கள் என்று வங்கிக் கணக்கிலோ ஜிபேயிலோ பாருங்கள். ஃபார்மில் இருக்கும் Timestamp பெயர் பதிந்த நேரத்தைத்தான் காட்டும், பணம் வந்த நாளைக் காட்டாது. 25 பேர் கட்டியிருந்தால் தாமதமாக வந்தவர்கள் 6. முந்தின வருடத்துக்கும் இதே மாதிரி எடுங்கள். அதில் திருப்பி அனுப்பிய நான்கு பேரையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். கிட் வாங்கியவர்களை மட்டும் எண்ணினால், தட்டுப்பாடு வந்த வருடத்தில் ஆளே குறைவாக வந்த மாதிரி தெரியும். அந்தக் கணக்கு 8 என்று வந்தால், 6, 8 இரண்டில் நான் 8-ஐத்தான் எடுப்பேன். 29-க்குப் 10 சதவீதம் போட்டிருந்தால் மூன்றே மூன்றுதான் கிடைத்திருக்கும்.

ஏன் பெரிய எண்ணை எடுக்கிறேன் என்றால், துணி ஒட்டிய பலகை கெட்டுப்போகிற பொருள் இல்லை. மிஞ்சினால் கொஞ்சம் பணம் முடங்கும், அடுத்த பயிற்சியில் தீர்ந்துவிடும். ஆள் வந்து பலகை இல்லையென்றால் அன்றைக்கு எந்தக் கடையிலும் ஓடிப்போய் வாங்க முடியாது.

ஆனால் கிட்டில் இருக்கும் எல்லாவற்றுக்கும் இந்த எட்டைப் போடாதீர்கள். போன வருடம் உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். முழு கிட்டாக 45 வாங்கியதில், விலை கூடிய கோல்டு ஃபாயிலிலும் 14 பேருக்கானது முடங்கியிருக்கும். அசல் தங்க ரேக்கு என்றால் தங்கத்தின் விலையோடு சேர்ந்து அதன் விலையும் ஏறும். பலகையைப்போல அதற்கு 12 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. கையிருப்பு வைத்திருக்கும் கடையில் சொன்னால் கூரியரில் சில நாளில் வந்துவிடும். அதனால் ஃபாயிலைத் தனியாகப் பிரித்து, பயிற்சிக்கு ஏழெட்டு நாள் முன்பு, அப்போதைய எண்ணிக்கையைப் பார்த்து வாங்குங்கள். அன்றைக்கு 34 பேர் கட்டியிருந்தால் 37 பேருக்கு வாங்கினால் போதும். கடையில் கட்டாகத்தான் தருவார்கள். ஒரு கட்டில் எத்தனை தாள், உங்கள் படத்துக்கு ஒருவருக்கு எத்தனை தாள் என்று ஆசிரியரிடம் கேட்டுவிட்டு, முழுக் கட்டாக மேலே ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஜெய்ப்பூர் கல், சாக் பவுடர், கோந்து இவற்றுக்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மொத்தமாக 40 பேருக்கு வாங்கி, ஆளுக்கு ஆள் பொட்டலம் கட்டாமல் மேசைக்கு மேசை கிண்ணத்தில் வையுங்கள். சாக் பவுடரைக் கோந்தோடு குழைத்த பிறகு வைத்திருக்க முடியாது என்பதால், தேவைக்குத் தகுந்தபடி அங்கேயே குழைக்கச் சொல்லுங்கள். தேதி அச்சடித்த எதையும் உறுதியான எண்ணிக்கைக்கு மேல் அடிக்க வேண்டாம்.

இன்னொன்று, நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டது. தாமதமாக வருகிறவர்களுக்கான உபரி வேறு, பழுதுக்கான உபரி வேறு. நான் பொறுப்பேற்ற ஒரு பயிற்சியில் உபரியாக இருந்த இரண்டு பலகையையும் முதல் நாள் காலையிலேயே வாசலில் வந்து நின்றவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். மதியம் ஒரு அம்மாவின் பலகையில் துணி குமிழ் விட்டு எழும்பிவிட்டது. அவர் காலை முழுக்க வரைந்த கோடு போயிற்று, மாற்றித் தரப் பலகையும் இல்லை. சப்ளை செய்தவரைக் கோபித்து என்ன செய்ய? வந்த அன்றே ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். அதிலிருந்து இரண்டு பலகையில் 'மாற்று' என்று பென்சிலால் எழுதி, பீரோவில் வைத்துவிடுவேன். யார் வந்து கேட்டாலும் இரண்டாம் நாள் மதியம்வரை வெளியே எடுப்பதில்லை.

அப்புறம் ஆசிரியர் செய்துகாட்ட ஒரு பலகை. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஆக, உங்கள் ஆர்டர் 29, 8, 2, 1, மொத்தம் 40 பலகை. ஹால் கொள்ளளவும் 40 என்பது தற்செயல். உறுதியானவர்கள் 36 ஆகிவிட்டால் தாமதத்துக்கு எட்டு சேர்க்க முடியாது, ஹாலில் இடம் நான்குதான் மிச்சம். அப்போது 36, 4, 2, 1 என்று 43 வாங்கி, 40-வது ஆள் பணம் கட்டியதும் ஃபார்மை மூடிவிடுங்கள்.

மிஞ்சும் பலகைகளைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், ஒட்டுப்பலகை வளைந்துவிடும். ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து, நடுவில் செய்தித்தாள் கொடுத்து, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். எத்தனை இருக்கிறது என்று இந்த வருடப் பதிவுத் தாளின் அடியிலேயே எழுதிவிட்டால், அடுத்த ஆர்டரில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.