தொங்கும் தண்டின் நீட்சியில் பாதி எடை ஏன்? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

500 மீட்டர் நீளமும் 100 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டும் உள்ள ஓர் எஃகுத் தண்டு மேல்முனையில் பிடிக்கப்பட்டுத் தொங்குகிறது. கீழ்முனையில் 2000 நியூட்டன் சுமை. தண்டின் எடை 3850 நியூட்டன் என்று கண்டேன். இரண்டையும் கூட்டி 5850 நியூட்டன் இழுப்பதாகக் கணக்கிட்டால் 146 மி.மீ. நீட்சி வருகிறது. விடையோ 98 மி.மீ. என்று இருக்கிறது, எடையில் பாதியைத்தான் எடுக்க வேண்டுமாம். எடை ஈர்ப்பு மையத்தில் செயல்படுவதால்தான் பாதி என்கிறான் என் நண்பன். அது சரிதானா? தண்டை இருமடங்கு தடிப்பாக்கினால் நீட்சி பாதியாகும் என்று நினைத்தேன், அதுவும் வரவில்லை. எங்கே தவறுகிறேன்?

அன்புடன்,
செ.

அன்புள்ள செ.,

உங்கள் எண்களில் பிழை இல்லை. தண்டின் எடை முழுவதும் தண்டின் முழு நீளத்தையும் இழுக்கிறது என்று நீங்கள் சொல்லாமலே எடுத்துக்கொண்ட ஓர் அனுமானத்தில்தான் பிழை இருக்கிறது. தண்டை மெல்லிய வில்லைகளாக நறுக்கியதாகக் கற்பனை செய்யுங்கள். மேலிருந்து 100 மீட்டர் கீழே உள்ள ஒரு வில்லையின் எடையைத் தாங்குவது அதற்கு மேலே இருக்கும் 100 மீட்டர் தண்டு மட்டுமே. ஆகவே அந்த வில்லையால் நீள்வதும் அந்த 100 மீட்டர்தான். அதற்குக் கீழே உள்ள 400 மீட்டருக்கு அந்த வில்லை இருப்பதே தெரியாது. மேற்பகுதி நீண்ட அளவுக்கு அது அப்படியே கீழே இறங்கிக்கொள்ளும். கீழ்முனையில் உள்ள வில்லை முழு 500 மீட்டரையும் நீட்டுகிறது, பிடிமானத்தை ஒட்டிய வில்லை ஏறக்குறைய எதையும் நீட்டுவதில்லை. எல்லா வில்லைகளும் ஒரே எடை உடையவை என்பதால், அவை நீட்டும் நீளங்களின் சராசரி, தண்டின் நீளம் L என்றால், L/2. அங்கிருந்துதான் அந்தப் பாதி வருகிறது. முனையில் தொங்கும் சுமைக்கு இந்தச் சலுகை கிடையாது. அது முழு நீளத்தையும் இழுத்தே தீரும். ஆக மொத்த நீட்சி δ இப்படி வரும்:

```
δ = PL/(AE) + WL/(2AE)
```

எஃகின் யங் குணகம் E 200 ஜிகாபாஸ்கல், பரப்பு A 100 சதுர மில்லிமீட்டர் என்று இட்டால், முனைச் சுமை P தரும் முதல் உறுப்பு சரியாக 50 மி.மீ., தண்டின் எடை W தரும் இரண்டாவது உறுப்பு 48 மி.மீ.; கூட்டினால் 98.

இனி உங்கள் நண்பரின் விளக்கம். நான் மாணவனாக இருந்தபோது இதையே சொல்லி, தற்செயலாகச் சரியான விடை என்று பெயர் வாங்கியிருக்கிறேன். அந்தத் தீர்ப்பு சற்றுக் கடுமையானது என்று இப்போது தோன்றுகிறது. குறுக்குவெட்டு சீராக இருக்கும் வரை ஒவ்வொரு வில்லையின் பங்கும் அதன் எடையையும், மேலிருந்து அது இருக்கும் தூரத்தையும் பெருக்கிய அளவுக்கே அமைகிறது. அந்தப் பெருக்கல்களின் கூட்டுத்தொகை மொத்த எடையையும் ஈர்ப்பு மையத்தின் தூரத்தையும் பெருக்கியதற்குச் சமம். ஆகவே கீழ்முனை எவ்வளவு இறங்குகிறது என்ற ஒரு கேள்விக்கு நண்பரின் வழி துல்லியமான விடையைத் தரும். தண்டின் மீது எடை சீரற்றுப் பரவியிருந்தாலும்கூடத் தரும்.

குறுக்குவெட்டு மாறினால் அந்த வழி கைவிட்டுவிடும். அடிப்பாகம் மேலே பிடிக்கப்பட்டு, கூர்முனை கீழே இருக்குமாறு தொங்கும் 500 மீட்டர் கூம்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஈர்ப்பு மையம் மேலிருந்து கால்பங்கு தூரத்தில் இருக்கிறது. அடிப்பரப்பை வைத்து நண்பரின் வழியில் கணக்கிட்டால் 8 மி.மீ. வரும், உண்மையான நீட்சி 16 மி.மீ. கீழே செல்லச் செல்லத் தண்டு மெலிவதால் ஒரே விசை அங்கே அதிகம் நீட்டுகிறது என்பதை ஈர்ப்பு மையம் அறியாது.

சீரான தண்டிலும், முனையை விட்டு வேறு எதைக் கேட்டாலும் மாற்று ஏற்பாடுகள் பொய் சொல்லத் தொடங்கும். தண்டின் நடுப்புள்ளி எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்போம். முனைச் சுமையை ஒதுக்கிவிட்டு எடையை மட்டும் கவனிப்போம். மேல்பாதி தன் எடையால் 12 மி.மீ. நீள்கிறது, ஏனென்றால் நீளம் பாதியானால் தன் எடை நீட்சி நான்கில் ஒன்றாகிவிடும். கீழ்ப்பாதியின் 1925 நியூட்டன் அதன் முனையில் தொங்குவதால் மேலும் 24 மி.மீ. நீள்கிறது. ஆக நடுப்புள்ளி 36 மி.மீ. இறங்குகிறது, மொத்த 48இல் முக்கால் பங்கு மேல்பாதியிலேயே முடிந்துவிடுகிறது. முழு எடையையும் ஈர்ப்பு மையத்தில் வைத்தால் நடுப்புள்ளி 48 மி.மீ. இறங்குவதாகவும் கீழ்ப்பாதி சற்றும் நீளாததாகவும் வரும். பாதி எடையை முனையில் தொங்கவிட்டால் நடுப்புள்ளி 24 மி.மீ. மட்டுமே இறங்கும். மூன்று கணக்கிலும் முனை ஒரே இடத்தில்தான் நிற்கிறது.

இவற்றில் பாதி எடையை முனையில் வைப்பதுதான் ஆபத்தானது, ஏனென்றால் அது தகைவுக் கணக்குக்குள்ளும் ஓசையின்றி நுழைந்துவிடும். பிடிமானத்தில் தண்டு தாங்குவது முழு 5850 நியூட்டன், தகைவு 58.5 மெகாபாஸ்கல். பாதி எடையோடு கணக்கைத் தொடர்ந்தவர் அங்கே 39 மெகாபாஸ்கல் என்று எழுதுவார். அறுந்தால் முதலில் அறும் இடத்தில், உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் அவர் கண்டிருப்பார். நீட்சிக்குச் சராசரி இழுவிசை போதும், வலிமைக்கு உச்ச இழுவிசை வேண்டும். விடைத்தாள்களில் நான் மிகுதியாகக் கண்ட பிழை இதுதான், உங்களுடையது அன்று.

இந்த 48 மி.மீ.யை அளந்து பார்க்க முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தண்டைத் தொங்கவிட்ட பிறகு கீழ்முனையில் ஒரு குறி வைத்து, அதன்பின் 2000 நியூட்டனை மாட்டினால் முனை 50 மி.மீ. மட்டுமே இறங்கும். எடையால் வந்த நீட்சி நீங்கள் அளவுகோலை எடுப்பதற்கு முன்பே நிகழ்ந்து முடிந்துவிட்டது. அதைப் பிடிக்க வேண்டுமானால், தண்டு தரையில் முழு நீளத்துக்கும் தாங்கப்பட்டுக் கிடக்கும்போதே 50 மீட்டருக்கு ஒரு குறியிட்டுப் பத்துப் பகுதிகளாக்கிவிட்டு, தொங்கிய பின் ஒவ்வொரு பகுதியையும் அளக்க வேண்டும். எடை மட்டும் இருக்கும்போது மேல்முனைப் பகுதி 9.1 மி.மீ. நீண்டிருக்கும், கீழ்முனைப் பகுதி அரை மி.மீ.கூட நீண்டிராது; இடையிலுள்ளவை ஒவ்வொரு படிக்கும் ஒரு மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக, சம அளவில் குறைந்துகொண்டே வரும். முனைச் சுமை சேர்ந்ததும் எல்லாப் பகுதிகளும் ஒன்றுபோல 5 மி.மீ. கூடும்.

இந்தப் படிக்கட்டு அமைப்புக்கு ஒரு நடைமுறைப் பயன் உண்டு. எஃகு ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் 500 மீட்டரில் ஏறத்தாழ 6 மி.மீ. நீளும், தரையில் அளந்த நேரத்துக்கும் தொங்கவிட்டு அளந்த நேரத்துக்கும் இடையே 8 பாகை ஏறியிருந்தால், அந்த நீட்சியே தண்டின் எடை தரும் நீட்சிக்கு ஈடாகிவிடும். மொத்த நீளத்தை மட்டும் பார்ப்பவரால் இரண்டையும் பிரிக்க இயலாது. தண்டு முழுவதும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் வெப்பத்தின் பங்கு, முனைச் சுமையின் பங்கைப் போலவே, பத்துப் பகுதிகளுக்கும் சமமாக வரும். மேலிருந்து கீழாகப் படிப்படியாகக் குறையும் பங்கு எடையினுடையது மட்டுமே.

தடிப்பைப் பற்றிய உங்கள் ஐயத்துக்கு வருகிறேன். பரப்பை 200 சதுர மில்லிமீட்டராக்கினால் முனைச் சுமையின் பங்கு 50இலிருந்து 25 மி.மீ. ஆகக் குறையும். எடையின் பங்கு 48இலேயே நிற்கும், ஏனென்றால் தாங்கும் பரப்பு இரட்டித்த அதே அளவில் தாங்க வேண்டிய எடையும் இரட்டித்துவிட்டது. ஆக உங்கள் 98 மி.மீ. 73 ஆகுமே தவிர 49 ஆகாது. எவ்வளவு தடிப்பாக்கினாலும் 48க்குக் கீழே போகாது. பிடிமானத்தில் எடையால் வரும் 38.5 மெகாபாஸ்கலும் அப்படியே இருக்கும். அந்தத் தகைவு நீளத்தைப் பொறுத்ததே என்பதால், 250 மெகாபாஸ்கலில் நிலையாக நீளத் தொடங்கும் மென்னெஃகு சுமையே இல்லாமல் தொங்கினாலும் சுமார் 3.2 கிலோமீட்டரில் மேல்முனையில் அந்த எல்லையைத் தொட்டுவிடும். அதற்கு மேல் இந்தச் சூத்திரத்துக்கு வேலை இல்லை. முறுக்கிய கம்பிவடத்துக்கும் இதை அப்படியே பொருத்த வேண்டாம். இழைகள் இறுகி அமர்வதால் வடம், திண்ணமான தண்டைக் காட்டிலும் கூடுதலாக நீளும்.

எடை குறைந்த உலோகத்துக்கு மாறினால் என்ன என்று அடுத்ததாக உங்களுக்குத் தோன்றக்கூடும். எனக்கும் தோன்றியது, அலுமினியத்தை இட்டுப் பார்த்து ஏமாந்தேன். அதன் அடர்த்தி எஃகினுடையதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, யங் குணகமும் 70 ஜிகாபாஸ்கல், அதாவது அதுவும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எடையால் வரும் நீட்சி இவ்விரண்டின் விகிதத்தைப் பொறுத்தது என்பதால் 500 மீட்டர் அலுமினியத் தண்டு தன் எடையில் 47 மி.மீ. நீள்கிறது, எஃகைவிட ஒரு மி.மீ. குறைவாக. அதே 2000 நியூட்டன் சுமையோ, 100 சதுர மில்லிமீட்டர் பரப்பில், 50 மி.மீ.க்குப் பதிலாக 143 மி.மீ. நீட்டிவிடுகிறது.

அன்புடன்.