பெற்றோர் குழுவில் டீச்சர் சொன்னது எது, நாமே சேர்த்துக்கொண்டது எது?

கேள்வி: பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் டீச்சர் ஒரு மெசேஜ் போட்டால் அதற்குக் கீழே ஏகப்பட்ட மெசேஜ் வந்து குவிகிறது. டீச்சர் உண்மையில் கேட்டதையும் மற்றவர்கள் ஊகித்ததையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

கடைசி மெசேஜிலிருந்து படிக்க ஆரம்பிக்காதீர்கள். கடைசியாகப் பேசியவரின் பதற்றம் நம்மையும் பிடித்துக்கொள்ளும். மேலே போய் டீச்சர் பெயரில் வந்தவற்றை மட்டும் எடுத்து, ஒரு வார்த்தை மாற்றாமல் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நாலைந்து வரிக்கு மேல் போகாது.

என் மகள் வகுப்பில் வந்த ஒரு மெசேஜையே எடுத்துக்கொள்கிறேன்: "வெள்ளிக்கிழமை நீர்ச் சுழற்சி பாடம் நடத்துகிறேன். விருப்பமுள்ள குழந்தைகள் வீட்டில் இருக்கும் பொருள்களை வைத்துச் சிறிய மாதிரி செய்து கொண்டுவரலாம். எல்லோரும் பாடப்புத்தகம் கொண்டுவர வேண்டும்."

வினைச்சொல் எப்படி முடிகிறது என்று பாருங்கள். மாதிரிக்குக் 'கொண்டுவரலாம்', புத்தகத்துக்குக் 'கொண்டுவர வேண்டும்'. கட்டாயம் என்று இருப்பது புத்தகம் மட்டும்தான். ஆனால் அதன்பின் நடந்த பேச்சு முழுக்க மாதிரியைப் பற்றியே. புத்தகத்தைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

அடுத்து, ஒரு ஊகம் எந்த இடத்தில் உண்மையாக மாறுகிறது என்று தேடுங்கள். இங்கே ஒரு அம்மா, "பெரிய தெர்மாகோல் அட்டையிலதான் செய்யணுமா?" என்று கேட்டார். இன்னொருவர், "போன வருஷம் அப்படித்தான் செஞ்சாங்க" என்றார். கொஞ்ச நேரத்தில் "இதுக்கு மார்க் இருக்காம்" என்று ஒன்று வந்தது. அந்த 'ஆம்' இருக்கும்வரை அது காதில் விழுந்த சேதி என்று நமக்குத் தெரியும். அதைப் படித்த ஒரு அப்பா, "இன்டர்னல் மார்க் பத்து, செய்யலைன்னா போச்சு" என்று போட்டார். 'ஆம்' போய்விட்டது, எண் ஒன்று புதிதாக வந்து ஒட்டிக்கொண்டது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு சிறு இடைவெளியைத் தங்கள் கவலையால் நிரப்பினார்கள், அவ்வளவுதான். இந்த மாதிரிச் சங்கிலியைக் கண்டால் கடைசிக் கண்ணியோடு வாதாடுவதில் பயனில்லை. ஒவ்வொன்றாகப் பின்னால் போய், டீச்சரின் வரியில் போய் முட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். இது முட்டவில்லை.

டீச்சர் இடையில் போடும் ஒற்றை வரிப் பதில்தான் எல்லாவற்றையும்விடச் சிக்கலானது. மறுநாள் காலை அவர் "ஆமாம், கொண்டுவரலாம்" என்று போட்டார். அதற்கு மேலே வரிசையாக மூன்று கேள்விகள் இருந்தன: மாதிரியை வியாழனே கொண்டுவரலாமா, மோட்டார் வைத்துச் செய்யலாமா, எல்லோரும் செய்யணுமா. கடைசிக் கேள்விக்குத்தான் 'ஆமாம்' என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். எந்த மெசேஜையும் இழுத்துப் பிடித்து ரிப்ளை செய்யாமல் அவர் தனியாகப் போட்டிருந்ததால் வந்த குழப்பம் இது. ஆனால் 'கொண்டுவரலாம்' என்ற வினை முதல் கேள்வியில் மட்டும்தான் இருக்கிறது. பதிலில் உள்ள வினை எந்தக் கேள்வியோடு பொருந்துகிறது என்று பார்த்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். கட்டைவிரல் குறியும் அப்படித்தான். அது எந்த மெசேஜின் கீழே ஒட்டியிருக்கிறதோ அதற்கு மட்டுமே பொருந்தும், அதுவும் பல நேரம் 'பார்த்துவிட்டேன்' என்ற அளவுக்குத்தான். டீச்சர் பேசாமல் இருந்தால் அது சம்மதம் ஆகாது. அவர் அந்நேரம் வகுப்பில் இருக்கலாம்.

"மாதிரி கட்டாயம்" என்று ஒரு செய்தியும் சுற்றியது. மேலே ஃபார்வர்டு குறி இருந்தது. விசாரித்தால், வேறு செக்‌ஷன் டீச்சர் தன் வகுப்புக்குச் சொன்னது.

இவ்வளவு சலித்தபின் மிஞ்சியது மார்க் விஷயம் ஒன்றுதான். அதை டீச்சரிடம் தனியாக, ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேட்டேன்: "மாதிரி செய்யாத குழந்தைக்கு மார்க் குறையுமா, டீச்சர்?" "ப்ராஜெக்ட் பத்திக் கொஞ்சம் விளக்குங்க" என்று கேட்டிருந்தால் முதல் மெசேஜையே திரும்ப அனுப்பியிருப்பார். "மார்க் இல்லை, விருப்பம்தான்" என்று பதில் வந்தது. அவரிடம் அனுமதி கேட்டு, அவருடைய முதல் மெசேஜுக்கே ரிப்ளையாக அதைக் குழுவில் போட்டேன். அப்படிப் போட்டால் பிறகு வருபவர்கள் மூல மெசேஜையும் பதிலையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். டீச்சர் சொல்வதெல்லாம் குழுவில் வருவதில்லை. வகுப்பில் வாயால் சொல்லியிருக்கலாம், டைரியில் எழுதவைத்திருக்கலாம். அதனால் ஒரு பெற்றோர் சொல்வது டீச்சரின் மெசேஜில் இல்லை என்பதற்காக ஊகம் என்று உடனே ஒதுக்கிவிடாதீர்கள். "இது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். "என் பையன் டைரியில இருக்கு" என்று போட்டோ வந்தால் அதையும் டீச்சரின் வரிகளோடு சேர்த்து எழுதிக்கொள்ளலாம். "எல்லாரும் சொல்றாங்க" என்று வந்தால் எழுத வேண்டாம்.