அறுபது தாண்டிய அம்மாவுக்குப் பட்டு: எந்த நிறம்?

“அம்மாவுக்கு 64 வயது, முடி நன்றாக நரைத்துவிட்டது. சந்தன நிறம் தவிர எதுவும் வேண்டாம் என்கிறார். தம்பி கல்யாணத்துக்கு என்ன நிறத்தில் பட்டு எடுக்கலாம்?”

நரைத்த முடிக்குப் பக்கத்தில் சந்தன நிறம் வந்தால் முகம் வெளிறித் தெரியும். கொஞ்சம் ஆழ்ந்த நிறம் வேண்டும். நான் மயில் கழுத்து நிறத்தைத்தான் சொல்வேன். பாவில் ஒன்று, ஊடையில் ஒன்று என நீலமும் பச்சையும் சேர்த்து நெய்வதால், அசையும்போதுதான் நிறம் மாறி மின்னும்; கண்ணில் அடிக்காது. அரக்குக் கரை இரண்டு விரல் அகலம் போதும். பச்சை வேண்டாம் என்றால் கத்திரிப்பூ நிறம் காட்டுங்கள்.

அப்புறம், கடை விளக்கில் முடிவு செய்யாதீர்கள். வாசல் வெளிச்சத்தில் அம்மா தோளில் போட்டுப் பாருங்கள். முகத்தைவிடப் புடவை முதலில் கண்ணில் பட்டால், அதே நிறத்தில் சற்று அடங்கியதைக் கேளுங்கள்.