சுரங்கமே இல்லாமல் தங்க வருமானம்

“தங்கம் ஏறியும் என் சுரங்கப் பங்கு அசையலை. வீட்டன் மட்டும் ஏறுது. அவங்களுக்குச் சொந்தச் சுரங்கமே கிடையாதே?”

கிடையாது, அதுதான் அவங்க பலமே. வீட்டன், சுரங்கம் நடத்துற கம்பெனிகளுக்கு முன்பணம் கொடுத்து, அங்கே வரும் தங்கத்தைக் குறைந்த விலைக்கு வாங்கும் கம்பெனி. பிரேசிலில் வாலே கம்பெனி நடத்தும் சலோபோ செம்புச் சுரங்கத்தைப் பாருங்க. செம்போடு தங்கமும் வருது. அதில் 75 சதவீதம் வீட்டனுக்கு. மூன்று தடவையா முன்பணம் கொடுத்து வாங்கின உரிமை அது. 2016-ல் கடைசி 25 சதவீதத்துக்கு மட்டும் 80 கோடி டாலர். அப்புறம் அவுன்ஸ் வர வர சுமார் 400 டாலர் கட்டினா போதும். அதுவும் ஆண்டுக்கு 1 சதவீதம்தான் கூடும். தங்கம் 2,000 டாலர் விற்றால் 1,600 கையில் நிற்கும், 2,500 ஆனால் 2,100. டீசலும் கூலியும் ஏறினால் அது வாலேயின் தலைவலி. உங்க கம்பெனியிலோ அந்தச் செலவே விலையேற்றத்தைத் தின்னுடும். ராயல்டி ஒப்பந்தம் இன்னும் எளிது: சுரங்கத்தின் விற்பனையில் ஒரு சிறு சதவீதம், முன்பணத்துக்கு அப்புறம் எதுவும் கட்ட வேண்டாம். அதனாலதான் சந்தை இவங்க லாபத்துக்கு அதிக மடங்கு விலை கொடுக்குது.

ஆனா சுரங்கம் மூடினா இவங்களுக்கும் அடிதான். 2023 நவம்பரில் பனாமா உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு கோப்ரே பனாமா செம்புச் சுரங்கம் நின்றுபோச்சு. அங்கே வரும் தங்கத்தில் பங்கு வாங்கியிருந்த, வீட்டன் மாதிரியே இன்னொரு கம்பெனியான பிராங்கோ-நெவாடா 100 கோடி டாலருக்கு மேல் மதிப்பிழப்பு காட்ட வேண்டி வந்தது. வாங்கும் முன், வருமானத்தில் எவ்வளவு ஒரே சுரங்கத்திலிருந்து வருதுன்னு ஆண்டறிக்கையில் பாருங்க.